தலைவலிக்கு முன் தோன்றும் மின்னல்

தலைநகரில் எங்கள் அண்டை வீட்டில் மதுரையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று வசிக்கிறது. அவ்வீட்டுப் பெண்மணிக்கு வயது 32, குழந்தைகள் இருவர். கருத்தடை மாத்திரை கேட்டு அவர் மருத்துவமனைக்குச் சென்றபோது, ஹிந்தியில் பேசுவதற்குத் துணையாக நானும் உடன் சென்றேன். “தலைவலி உண்டா?” என்று கேட்டார் டாக்டர் அம்மையார். “எல்லோருக்கும் வருவதுதானே!” என்றார் நம் பெண்மணி. “எப்போதாவது உண்டாம்” என்று நான் சொன்னேன். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை; ஆனால் சொல்லியிருக்க வேண்டிய செய்தி விடுபட்டுப் போயிற்று.

அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாக வழங்கப்படும் மாலா-என் என்ற மாத்திரைப் பொதியில் 28 மாத்திரைகள் இருக்கும். அவற்றுள் 21 மாத்திரைகளில் மட்டுமே ஹார்மோன் உண்டு. எஞ்சிய ஏழும் இரும்புச் சத்து. ஹார்மோன்கள் இரண்டு வகை: ஈஸ்ட்ரோஜன் ஒன்று, புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் பொருள் மற்றொன்று. சினைப்பையில் கருமுட்டை முதிர்ந்து வெளிவர வேண்டுமானால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதற்கு ஆணை அனுப்ப வேண்டும். இரத்தத்தில் இவ்விரு ஹார்மோன்களும் நாள்தோறும் நிறைந்திருப்பதால் அச்சுரப்பி ஏமாந்துவிடுகிறது, ஆணை பிறப்பதில்லை, முட்டையும் வெளிவருவதில்லை. இதனுடன் கருப்பை வாயிலுள்ள சளியும் தடித்து, விந்தணு நுழைய இடந்தராது. முதல் இரண்டு மூன்று மாதங்களில் குமட்டல், மார்பில் நோவு, இடையிடையே உதிரக்கசிவு ஆகியவை தோன்றலாம். பெரும்பாலும் தாமே அடங்கிவிடும்.

கவலைக்குரியது வேறொன்று. விழுங்கிய ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் செல்கிறது. இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களைத் தயாரிக்கும் இடமும் கல்லீரலே. ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் அது அப்பொருள்களைச் சற்று மிகுதியாகச் செய்கிறது. மாத்திரை உண்ணாத இளம் பெண்கள் 10,000 பேரில் ஓராண்டில் சுமார் இருவருக்குக் கால் நாளத்திலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி உண்டாகிறது. இவ்வகை மாத்திரையை உண்போரில் அது ஐந்து முதல் ஏழு பேர். கர்ப்ப காலத்தில் அபாயம் இதனினும் அதிகம். ஆகவே உடல்நலமுள்ள ஒருவர் அஞ்ச வேண்டியதில்லை. ஏற்கெனவே வேறொரு காரணம் உள்ளவருக்கே அச்சம். முன்பு இரத்தக்கட்டி கண்டவர்கள், 35 வயதைக் கடந்தும் புகைப்பவர்கள், இரத்த அழுத்தம் மிகுந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள், பிள்ளை பெற்றுச் சில வாரங்களே ஆனவர்கள் ஆகியோருக்கு இம்மாத்திரை ஆகாது.

இந்த வரிசையில் இன்னொருவரும் உண்டு. மருந்துச் சீட்டுடன் எழுந்த பெண்மணி, வாசற்படியில் என்னிடம், “தலைவலி வருமுன் கண்ணில் மின்னல் கோணல்மாணலாக ஓடும், கால்மணி நேரம் எழுத்தே தெரியாது” என்றார். நான் அவரை மீண்டும் உள்ளே அழைத்துச் சென்றேன். டாக்டர் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மின்னல் முன்னோடியாக வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கு, மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடும் வாய்ப்பு இயல்பாகவே சற்று அதிகம். அதன்மேல் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் சேரலாகாது. ஹார்மோனே இல்லாத காப்பர்-டி பொருத்துவதென முடிவாயிற்று.

அவருடன் வசிக்கும் தாயாருக்கு வயது 52. மாதவிடாய் நின்று இரண்டாண்டு ஆகிறது. டில்லிக் குளிரிலும் இரவில் வியர்த்துக் கொட்டி உறக்கம் கலைகிறது. இளமையில் அவருக்கும் அதே மின்னல் தலைவலி இருந்ததாம். அவருக்கு டாக்டர் தந்ததோ ஈஸ்ட்ரோஜனேதான்! மகளுக்கு விலக்கியதைத் தாய்க்குத் தருவதா என்று நானும் வியந்தேன். சினைப்பை தருவதை நிறுத்திவிட்ட ஹார்மோனை ஓரளவு ஈடு செய்வதே தாயின் சிகிச்சை. அதன் அளவு முட்டையைத் தடுக்கப் போதாது. மேலும் அது உடலில் இயற்கையாகச் சுரக்கும் எஸ்ட்ராடியால். மாத்திரையிலுள்ளது கல்லீரலை வலுவாகத் தூண்டும் செயற்கை வகை. தாயாருக்குத் தந்தது தோலில் தடவும் களிம்பு. தோல்வழிச் செல்வது நேரே கல்லீரலில் போய் இறங்காததால், உறைபொருள்கள் பெருகுவதில்லை.

இச்சிகிச்சையைப் பற்றிய அச்சம் பெரிதும் 2002-ல் அமெரிக்காவில் இடையே நிறுத்தப்பட்ட பேராய்வினால் எழுந்தது. அதிற் பங்கேற்றோரின் சராசரி வயது 63; அவர்கள் மருந்தை விழுங்கினார்கள். 60 வயதுக்கு முன், மாதவிடாய் நின்ற பத்தாண்டுக்குள் தொடங்குவோருக்கு அபாயம் குறைவு என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் இரு ஹார்மோன்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்தால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சிறிது கூடுவது மெய்யே.

இரு ஹார்மோன் எதற்கு? ஈஸ்ட்ரோஜன் தனித்து நின்றால் கருப்பையின் உட்சவ்வு தடித்து வளர்ந்து, நாளடைவில் புற்றாக மாறக்கூடும். ஆகவே தாயாருக்கு இரவில் புரோஜெஸ்டிரோன் மாத்திரையும் உண்டு. கருப்பை அகற்றப்பட்டவருக்குப் பொதுவாக அது வேண்டாம். களிம்பு போதுமென்று மாத்திரையை விட்டுவிடாதீர் என்று டாக்டர் இருமுறை எச்சரித்தார். தொடங்கிய சில மாதங்கள் கழிந்த பின்னும் உதிரம் ஒரு துளி கண்டாலும் வந்து சொல்ல வேண்டும் என்றார். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும் உடனே வர வேண்டும் என்றார். இம்முறை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன்.