சமோசாவைத் திரும்ப வைத்த கயல்

இரண்டாம் வகுப்புக் குழந்தையிடம் மரியாதை என்றால் என்னவென்று கேட்டால், டீச்சர் வந்தால் எழுந்து நிற்பது என்று சொல்லும். பக்கத்து வீட்டாரின் வழக்கத்தை மதிப்பதும் மரியாதைதான் என்று அந்த வயதில் சொல்லிப் புரியவைப்பது கடினம். கதையில் ஒரு செயலாக நடத்திக் காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

இப்படிக் கதை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் நேராகப் பெருநாள் பிரியாணிக்குப் போய்விடுகிறார்கள். புதுத் துணி, பிரியாணி, கடைசியில் தாத்தா ஒருவர் ஒற்றுமை பற்றிப் பேசுவார். விருந்துக்கு வந்த குழந்தைக்குச் சாப்பிடுவதைத் தவிர அங்கே வேலையே இல்லை. முந்தின நாள் மாலைக்குப் போனால் கதை கிடைக்கும். பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள், பேரீச்சம்பழத்தையும் நோன்புக் கஞ்சியையும் முன்னால் வைத்துக்கொண்டு பாங்கொலிக்காகக் காத்திருக்கும் நேரம் அது. தின்பண்டத்தை எதிரில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஏழு வயதுக்கு நன்றாகத் தெரியும்.

கதை இப்படிப் போகலாம்:

கயல் ஆமினா வீட்டுக்குப் போனாள். ஆமினா பள்ளிவாசலில் இருந்து வந்தாள். அவள் கையில் தூக்குவாளி. வாளியில் சூடான கஞ்சி. எல்லாரும் பாயில் உட்கார்ந்தார்கள். தட்டில் சமோசா இருந்தது. கயல் ஒன்றை எடுத்தாள். “சாப்பிடும்மா, நீ சின்னப் பிள்ளைதானே” என்றார் நன்னி. கயல் காசிம் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் காலையில் இருந்து நோன்பு. அவன் முன்னாலும் சமோசா இருந்தது. அவன் தொடவில்லை. கயல் சமோசாவைத் தட்டில் வைத்தாள். “நானும் இருக்கேன் நன்னி” என்றாள்.

பாங்கு கேட்கிறது. காசிம் முதல் பேரீச்சம்பழத்தை எடுத்துக் கயலிடம் நீட்டுகிறான். பிறகு எல்லாரும் மொட்டை மாடிக்குப் பிறை பார்க்க ஓடுகிறார்கள். அன்று இருபத்தொன்பதாம் நோன்பு. பிறை தெரிந்தால் நாளை பெருநாள், தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு.

இந்தக் கதையின் உயிர் நன்னி சொல்லும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அவர் “தொடாதே” என்று அதட்டியிருந்தால் கயல் பயந்துபோய் வைத்திருப்பாள். குழந்தைகள் கற்றுக்கொள்வதும் பயத்தைத்தான். நோன்பு சிறு பிள்ளைகளுக்குக் கட்டாயம் இல்லை, விருந்தாளிக்கும் இல்லை. ஆகவே நன்னி அனுமதிப்பது நடப்புக்கும் பொருத்தம். அனுமதி கிடைத்த பிறகும் கயல் தானாகக் காத்திருக்கிறாள். அவள் ஏன் வைத்தாள் என்பதைக் கதை எங்கேயும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தைக்கு நஸ்ரின், ஷாஜஹான் போன்ற பெயர்கள் முதல் வரியிலேயே தடுக்கும். கிரந்த எழுத்துகளை அப்போது அது சரளமாகப் பழகியிருக்காது. ஆமினா, காசிம், நூரி என்றால் தடையில்லை. வாக்கியத்துக்கு மூன்று நான்கு சொற்கள் போதும். தமிழக அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களே நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகத்தான் குழந்தையைக் கூட்டிப்போகின்றன. பாங்கு, நோன்பு போன்ற சொற்களுக்கு அடிக்குறிப்பு வேண்டாம். பாங்கு கேட்டதும் எல்லாரும் பழத்தை எடுக்கிறார்கள் என்று படம் காட்டிவிட்டால் பொருள் விளங்கிவிடும். ஆமினாவை நோன்பு பற்றிப் பாடம் நடத்தவிடுவதுதான் பெரிய ஆபத்து. எந்தக் குழந்தையும் தன் வீட்டு வழக்கத்தைத் தோழிக்கு அப்படி விளக்கிக்கொண்டிருப்பதில்லை.

கதை சரியாக வந்திருக்கிறதா என்று வகுப்பில் வாசித்தால் தெரிந்துவிடும். நீதி என்ன என்று கேட்க வேண்டாம்; அதற்கு மனப்பாடப் பதில்தான் வரும். கயல் ஏன் சமோசாவை வைத்தாள் என்று கேளுங்கள். “திட்டுவாங்கன்னு” என்று பல குரல் வந்தால் நன்னியின் வரி அழுத்தமாக விழவில்லை, திருத்த வேண்டும். “அண்ணனுக்குப் பசிக்கும்ல” என்று ஒரு குரல் வந்தால் தொட வேண்டாம், அப்படியே விட்டுவிடலாம்.

இன்னொரு குறையை மட்டும் ஒரே கதையால் தீர்க்க முடியாது. இத்தகைய கதைகளில் பெரும்பாலும் இந்துக் குழந்தைதான் விருந்தாளி. ஆமினா எப்போதும் பார்க்கப்படுகிறவளாகவே இருந்துவிடுகிறாள். ஆகவே அடுத்த கதையில் பொங்கலன்று ஆமினா கயல் வீட்டுக்கு வரட்டும். கயலின் பாட்டி எல்லாக் குழந்தைகளின் நெற்றியிலும் வரிசையாகத் திருநீறு பூசிக்கொண்டு வருகிறார். ஆமினாவின் முன்னால் வந்ததும் கையை நிறுத்தி, “உனக்கு வைக்கட்டுமா, வேண்டாமா கண்ணு?” என்கிறார். ஆமினா தலையாட்டுகிறாள், வேண்டாம் என்று. பாட்டி சிரித்துக்கொண்டே ஒரு கரும்புத் துண்டை அவள் கையில் வைக்கிறார். இந்த முறை மரியாதையைச் செய்து காட்டுவது பெரியவர்.