வேலை மாறிய வருடத்தின் வரிக் கணக்கு

கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனம். அங்கே மாதம் 90,000 ரூபாய் சம்பளத்தில் இருந்த ஒருவர், 2025 செப்டம்பர் கடைசியில் விலகி, அக்டோபர் முதல் தேதி சென்னையில் வேறொரு நிறுவனத்தில் சேருகிறார். புதிய சம்பளம் மாதம் 1,40,000 ரூபாய். இரண்டு இடத்திலும் அவருக்கு வரி பிடித்தம் ஒரு ரூபாய்கூட இல்லை. நல்ல சம்பளம், பிடித்தமும் இல்லை என்று நிம்மதியாக இருக்கிறார். ஜூலையில் ரிட்டர்ன் போட உட்காரும்போதுதான் தெரிகிறது, அவர் கட்ட வேண்டியது ஏறக்குறைய 90,000 ரூபாய்.

இது கற்பனை ஆள்தான். ஆனால் கணக்கு கற்பனையில்லை. 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான நிதியாண்டில் வேலை மாறிய எவருக்கும் இது நேரலாம். இந்த ஆண்டில்தான் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்ற சலுகை வந்தது. சலுகை பெரிதாகப் பெரிதாக இந்தப் பள்ளமும் ஆழமாகிவிட்டது.

பிடித்தம் ஏன் நடக்கவில்லை? ஒரு நிறுவனம் தன் ஊழியருக்கு வருடம் முழுவதும் தான் கொடுக்கப்போகும் சம்பளத்தை மதிப்பிட்டு, அதற்கான வரியை மாதாமாதம் பிரித்துப் பிடிக்கிறது. கோயம்புத்தூர் நிறுவனத்தின் கணக்கில் வருடச் சம்பளம் 10,80,000. சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் உண்டான நிலையான கழிவு 75,000 போனால் 10,05,000. இது 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரி முழுவதும் தள்ளுபடி. சென்னை நிறுவனத்துக்குத் தெரிந்தது அக்டோபர் முதல் மார்ச் வரையிலான ஆறு மாதச் சம்பளம் 8,40,000 மட்டுமே. அதிலும் 75,000 கழித்தால் 7,65,000. அதற்கும் வரி இல்லை. இருவரும் சட்டப்படிதான் செய்தார்கள். ஒரே தள்ளுபடியும் ஒரே கழிவும் இரண்டு முறை கொடுக்கப்பட்டுவிட்டதை இருவருமே அறியமாட்டார்கள்.

வருமான வரித் துறைக்கு ஆள் ஒருவர்தான். முதல் ஆறு மாதச் சம்பளம் 5,40,000, அடுத்த ஆறு மாதம் 8,40,000, ஆக 13,80,000. இதில் நிலையான கழிவு ஒரே ஒரு முறை. மிச்சம் 13,05,000. இவருக்கு வங்கியில் ஃபிக்சட் டெபாசிட் வட்டியும் 60,000 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டியதால் வங்கி 10 சதவீதமாக 6,000 ரூபாய் பிடித்துவிட்டது. வட்டியையும் சேர்த்தால் வரிக்குரிய வருமானம் 13,65,000.

புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. 12 லட்சத்துக்கு மேல் நிற்கும் 1,65,000 ரூபாய்க்கு 15 சதவீதம், 24,750. மொத்தம் 84,750. 4 சதவீத செஸ் 3,390 சேர்ந்து 88,140. வங்கி பிடித்த 6,000 போக 82,140 பாக்கி. 12 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு மட்டும்தான் வரி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. எல்லையை ஓரளவுக்கு மேல் தாண்டினால் தள்ளுபடி முழுவதுமாகப் போய், 4 லட்சத்திலிருந்தே கணக்கு ஆரம்பிக்கிறது. சில ஆயிரம் மட்டும் தாண்டியவர்களுக்குத்தான், தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகிவிடாதபடி சட்டம் பாதுகாப்பு தருகிறது.

பழைய முறைக்குப் போனால் தப்பிக்கலாமா? பிஎஃப், இன்சூரன்ஸ் வகையில் 1,50,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 25,000 என்று காட்டினாலும், அங்கே நிலையான கழிவு 50,000தான். வரிக்குரிய வருமானம் 12,15,000, செஸ்ஸோடு வரி 1,84,080. புதிய முறையில் வருவதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். பெரிய வீட்டு வாடகையும் வீட்டுக் கடன் வட்டியும் சேர்ந்திருந்தால் ஒழிய, இந்தச் சம்பளத்துக்குப் பழைய முறை கட்டுப்படியாகாது.

இனி திரைக்கு வருவோம். `incometax.gov.in` தளத்தில் பான் எண்ணைக் கொடுத்து உள்ளே போனதும் நேராக ரிட்டர்னைத் திறக்காமல் இருப்பது நல்லது. முதலில் `AIS` என்று எழுதியிருக்கும் இடத்தைத் திறக்க வேண்டும். அவர் பெயரில் வங்கிகள், நிறுவனங்கள், பங்குச் சந்தைத் தரகர்கள் எல்லோரும் துறைக்குச் சொல்லியிருக்கும் விவரங்கள் அங்கே வரிசையாக இருக்கும். டெபாசிட் வட்டி 60,000 அங்கே தெரியும். மறந்துபோன பழைய சேமிப்புக் கணக்கு ஒன்றின் வட்டியும் எட்டிப் பார்க்கலாம். இன்னொரு கையில் படிவம் 16 இருக்க வேண்டும். ஜூன் 15க்குள் நிறுவனம் தர வேண்டிய சான்று அது. முதல் பகுதியில் பிடித்த வரி, இரண்டாம் பகுதியில் சம்பளத்தின் பிரிவுகள். வரியே பிடிக்காத நிறுவனம் சில சமயம் இதைத் தராமலே விட்டுவிடும். அப்போது பே ஸ்லிப்புகளை ஒன்றுவிடாமல் கூட்டிக்கொள்வதுதான் வழி. பழைய நிறுவனத்தின் இணையக் கணக்கு மூடப்படுவதற்கு முன்பே அவற்றை இறக்கி வைத்துக்கொள்கிறவர் புத்திசாலி.

பிறகு `e-File` பட்டியலில் `Income Tax Returns`, அதற்குள் `File Income Tax Return`. ஆண்டு கேட்கும் பெட்டியில் `2026-27` என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 2025-26இல் சம்பாதித்ததற்கு 2026-27 மதிப்பீட்டு ஆண்டு. முதல்முறை போடுகிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். (2026 ஏப்ரல் முதல் அமலான புதிய வருமான வரிச் சட்டம் இந்த இரட்டைக் கணக்கை ஒழித்து, வரி ஆண்டு என்று ஒன்றே ஒன்றை வைத்திருக்கிறது. ஆனால் இந்த ரிட்டர்ன் இன்னும் 1961 சட்டத்தின்படிதான்.) சம்பளமும் வட்டியும் மட்டும் உள்ள, 50 லட்சத்துக்குட்பட்ட வருமானத்துக்கு `ITR-1` போதும். வாங்கிய ஒரு வருடத்துக்குள் பங்கு விற்று லாபம் பார்த்தவர் என்றால் `ITR-2`.

படிவம் ஐந்து பகுதிகளாகத் திறக்கும். சொந்த விவரம், மொத்த வருமானம், கழிவுகள், கட்டிய வரி, கட்ட வேண்டிய வரி. பல கட்டங்கள் முன்பே நிரப்பப்பட்டிருக்கும். எல்லா ஆபத்தும் அந்த வசதிக்குள்தான் இருக்கிறது.

நம் ஆள் `Gross Total Income` பகுதியைத் திறக்கிறார். சென்னை நிறுவனத்தின் 8,40,000 மட்டும் அங்கே இருக்கிறது. பழைய நிறுவனத்தின் விவரம் துறைக்குச் சரியாகப் போய்ச் சேராவிட்டால் இப்படி ஆகும். பார்க்காமல் `Confirm` அழுத்திக்கொண்டே போனால், கடைசிப் பகுதி என்ன காட்டும் தெரியுமா? வருமானம் 8,25,000, வரி பூஜ்யம், திரும்பக் கிடைக்க வேண்டியது 6,000. ரீஃபண்ட் என்ற எழுத்தைப் பார்த்ததும் கை தானாகச் சமர்ப்பிக்கும் பொத்தானுக்குப் போகும். 82,000 ரூபாய் பாக்கி வைத்திருப்பவருக்கு 6,000 தருவதாகத் திரை சொல்கிறது. துறையே நிரப்பியதுதானே என்ற வாதம் பின்னால் நோட்டீஸ் வரும்போது எடுபடாது. கையெழுத்து ரிட்டர்ன் போட்டவருடையது. குறைத்துக் காட்டிய வருமானத்துக்குரிய வரியில் பாதியை அபராதமாக விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

எனவே அங்கே இன்னொரு முதலாளியைச் சேர்த்து, 5,40,000 என்று நிரப்ப வேண்டும். இரண்டு படிவம் 16 இருந்தால் இரண்டிலும் 75,000 கழிக்கப்பட்டிருக்கும். அந்த இரண்டு மிச்சத் தொகைகளை அப்படியே கூட்டிப் போடக் கூடாது. கழிவுக்கு முந்தைய சம்பளத்தை எடுத்துக்கொண்டால், கழிவை ஒரு முறை மட்டும் படிவமே போட்டுக்கொள்ளும். வட்டியை மற்ற வருமானம் என்ற தலைப்பில் சேர்க்க வேண்டும். வங்கி 6,000 பிடித்துவிட்டதே, வட்டிக் கணக்கு முடிந்துவிட்டது என்று விடுபவர்கள் உண்டு. பிடித்தது முன்பணம்தான். இவருக்கு அந்த வட்டியின் மீது வரி 15 சதவீதமும் செஸ்ஸும்.

கடைசிப் பகுதியில் 82,140 மட்டும் நிற்காது. வருடத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் பாக்கி வரும் என்றால், ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகளுக்குள் முன்கூட்டியே தவணையாகக் கட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். சம்பளக்காரர்களுக்கு இந்த விதி நினைவிலேயே இருக்காது, பிடித்தம் பார்த்துக்கொள்ளும் என்பதால். தவணைகளைத் தவறவிட்டதற்கு வட்டி 4,145. ஏப்ரல் முதல் ஜூலை வரை மாதம் 1 சதவீதமாக இன்னொரு வட்டி 3,284. ஆக மொத்தம் 89,570 ரூபாய். இதை `e-Pay Tax` வழியாகக் கட்டி, செலான் விவரம் கட்டிய வரி பகுதியில் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகே ரிட்டர்னை அனுப்ப வேண்டும்.

கெடு 2026 ஜூலை 31. தவறினால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. பாக்கி வரிக்கு மாதம் 1 சதவீத வட்டி மேலும் ஏறும். தாமதமாகப் போடுகிறவர் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. வீட்டுக் கடனை நம்பி இருப்பவருக்கு 5,000 ரூபாயைவிட இதுதான் பெரிய அடி. தாமத ரிட்டர்னுக்கும் டிசம்பர் 31 தாண்டி வழியில்லை.

அனுப்பியதோடு முடிந்ததாக எண்ணிக் கணினியை மூடிவிட்டால் வேலை பாதியில் நிற்கும். 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலமோ நெட் பேங்கிங் மூலமோ அதை உறுதி செய்ய வேண்டும். நாள் கடந்துவிட்டால், உறுதி செய்த நாளையே ரிட்டர்ன் போட்ட நாளாகத் துறை எடுத்துக்கொள்ளும். ஜூலையில் அனுப்பியவர்கூட அப்படித்தான் தாமதக் கட்டணத்தில் சிக்குகிறார்.

அக்டோபரில் சென்னையில் சேர்ந்த அன்றே இதற்கெல்லாம் மாற்று இருந்தது. முந்தைய நிறுவனத்தில் வாங்கிய சம்பளத்தைப் படிவம் 12பி மூலம் புதிய நிறுவனத்திடம் தெரிவித்திருந்தால், அவர்கள் 13,05,000க்குக் கணக்கிட்டு, 78,780 ரூபாயை ஆறு மாதங்களில் பிடித்திருப்பார்கள், மாதம் 13,130. ஜூலையில் டெபாசிட் வட்டிக்கான 3,360 மட்டும் மிஞ்சியிருக்கும். அது 10,000க்குள் இருப்பதால் இரண்டு வட்டியும் கிடையாது. மனிதவளப் பிரிவு பணியில் சேரும் நாளில் நீட்டும் காகிதக் கட்டில் இந்தப் படிவமும் பெரும்பாலும் இருக்கும். பழைய சம்பளத்தைப் புதிய இடத்தில் சொல்லத் தயங்கிப் பலரும் அதை வெறுமனே விட்டுவிடுகிறார்கள்.