திரையில் ஓடும் நேரமும் சர்வரின் நேரமும்

லாட்வியாவின் ரிகா நகரில் எவல்யூஷன் நிறுவனத்துக்கு ஸ்டுடியோ உண்டு. அங்கே டீலர் சுழற்றும் ரூலெட் சக்கரத்தைக் கேமராக்கள் படம்பிடிக்கின்றன. அந்தக் காட்சி சுருக்கப்பட்டு, இணையம் வழியே ஆட்டக்காரரின் கைப்பேசிக்கு வருவதற்குள் சில விநாடிகள்கூட கடந்துவிடலாம்.

பந்தயத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது சர்வரின் கடிகாரம்தான். திரையில் இன்னும் ஒரு விநாடி மிச்சமிருப்பதாகத் தெரியும், ஆட்டக்காரர் தொடுகிறார். தகவல் போய்ச் சேருவதற்குள் மேசை மூடப்பட்டிருந்தால் அந்தப் பந்தயம் நிராகரிக்கப்படும், பணம் கணக்கிலேயே இருக்கும். ஏற்கப்பட்டதாகத் திரையில் உறுதி வந்ததா என்பதையே பார்க்க வேண்டும். பந்து விழும் இடத்தை ஊகித்துப் பணம் கட்ட வழியிருக்கக்கூடாது என்பதற்காகவே முன்கூட்டி மூடுகிறார்கள். ஏற்கப்பட்டபின் ஆட்டக்காரரின் இணைப்பு அறுந்தாலும் பந்தயம் பொதுவாகச் செல்லும்.

மேசை வரம்பும் இதே அளவு கறாரானது. குறைந்தபட்சம் 10 யூரோ, அதிகபட்சம் 1,000 என்று வைத்துக்கொள்வோம். சிவப்பில் கட்டித் தோற்கத் தோற்க இரட்டிப்பாக்குபவர், ஏழாவது தோல்வியில் மொத்தம் 1,270 யூரோவை இழந்திருப்பார். எட்டாவது முறைக்கு 1,280 வேண்டும். மேசை அதை வாங்காது. தனி எண்ணுக்கு 35 மடங்கு தர வேண்டியிருப்பதால், அதற்கான உச்சவரம்பு பெரும்பாலும் இன்னும் குறைவு.