44 மணி நேரம் 20 ஆகச் சுருங்குவது ஏன்?

வருகைப் பதிவேட்டை எக்செலில் போட்டு ஷிப்ட் நேரங்களைக் கூட்டும்போது, மொத்தம் 24 மணியைத் தாண்டினால் விடை தவறாகத் தெரியும். கணக்கு சரியாகவே இருக்கும். காட்டும் விதம்தான் வேறு.

எக்செல் ஒரு முழு நாளை 1 என்று வைத்துக்கொள்கிறது. அதனால் 12 மணி நேரம் 0.5, 6 மணி நேரம் 0.25. `h:mm` என்ற வடிவம் கடிகார நேரத்தைக் காட்டுவது. அதில் முழு நாட்கள் தெரியாது, மீதிப் பின்னம் மட்டுமே தெரியும்.

ஓர் ஆலையில் நிறுத்தாமல் ஓடும் இயந்திரத்தை ஐந்து பேர் அடுத்தடுத்துக் கவனிப்பதாகக் கொள்வோம். அவர்களின் ஷிப்ட் நேரங்கள் 8:30, 9:15, 8:45, 10:00, 7:50. இவை `B2` முதல் `B6` வரை உள்ளன. `B7` கட்டத்தில் இப்படிக் கூட்ட வேண்டும்:

```
=SUM(B2:B6)
```

உண்மையான மொத்தம் 44 மணி 20 நிமிடம். ஆனால் திரையில் 20:20 என்று வரும், ஒரு முழு நாள் மறைந்துவிட்டதால். அந்தக் கட்டத்தில் `Ctrl+1` அழுத்தி, `Custom` பகுதியில் `[h]:mm` என்று எழுதினால் 44:20 தெரியும். சதுர அடைப்புக்குறி, மணியை 24-இல் முறிக்காமல் தொடர்ந்து எண்ணச் சொல்கிறது. கூகுள் ஷீட்ஸில் `Duration` வடிவத்தைத் தேர்ந்தெடுத்தாலும் மொத்த மணி நேரம் கிடைக்கும்.

கூலி கணக்கிடும்போது `B7`-ஐ 24-ஆல் பெருக்கி, பிறகு மணிக்கூலியால் பெருக்க வேண்டும். மணிக்கு 100 ரூபாய் என்றால் 4,433 ரூபாய் 33 காசு. 24-ஆல் பெருக்க மறந்தால் சுமார் 185 ரூபாய்தான் வரும்.

முடியும் நேரத்தைக் காண, தொடங்கிய நேரத்தோடு மொத்தத்தைக் கூட்ட வேண்டும். வேலை திங்கள் இரவு 9:40-க்குத் தொடங்கியது. `D2`-இல் 21:40 என்று நேரம் மட்டும் உள்ளது. 21:40-உடன் 44:20 சேர்ந்தால் 66 மணி, அதாவது 2.75 நாள்.

```
=INT(D2+B7)
=MOD(D2+B7,1)
```

முதல் சூத்திரம் கடந்த நாட்களைத் தருகிறது: 2. அதன் கட்டம் சாதாரண எண் வடிவில் இருக்க வேண்டும். இரண்டாவது மீதி 0.75-ஐத் தருகிறது, இதற்கு `h:mm` வடிவமே பொருத்தம், 18:00 என்று காட்டும். ஆகவே வேலை முடிவது புதன் மாலை 6 மணி. `D2`-இல் தேதியும் சேர்ந்திருந்தால் `=D2+B7` போதும். அந்தக் கட்டத்துக்குத் தேதியும் நேரமும் காட்டும் வடிவம் கொடுக்க வேண்டும்.

எட்டரை மணி நேரத்தை 8.30 என்று புள்ளி வைத்து எழுதுவது இன்னொரு தவறு. எக்செல் அதை 8.3 நாளாக எடுத்துக்கொள்ளும்; `[h]:mm` வடிவில் 199:12 என்று வரும். ஒரே ஷிப்டுக்கு இப்படி நூற்றுக்கணக்கான மணி தெரிந்தால், முக்காற்புள்ளிக்குப் பதில் புள்ளி விழுந்திருக்கிறது என்று அறியலாம்.