நன்றியுரையின் அளவு

ஆய்வேடு ஒன்றைக் கையில் எடுப்பவர்களிற் பலர் முதலில் புரட்டுவது நன்றியுரைப் பக்கத்தைத்தான். இவர் யாருடைய மாணவர், எந்தப் பணத்தில் படித்தார், யாரோடு ஊடாடினார் என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். எழுதுபவரோ அதனைச் சமர்ப்பிப்பதற்கு முதல்நாள் இரவில், களைத்த மனத்தோடு எழுதுகிறார். நம்மவர்க்கு இதில் இன்னுமொரு சிக்கல் உண்டு. தாய்க்கும் தமையனுக்கும் வாய்திறந்து நன்றி சொல்வது நமது வழக்கமல்ல. அந்நிய மொழியில் அதனைச் சொல்ல முற்படும்போது, அளவு தெரியாமல் மிகைச்சொற்கள் வந்து விழுகின்றன.

அளவு என்பது அன்பைக் குறைப்பதல்ல. ஒருவர் செய்தது எதுவோ அதனைச் சொல்வதே அளவு.

இங்கிலாந்தில், வன்னியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் கடன்சுமை பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வு செய்த ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். தனது மேற்பார்வையாளரைப் பற்றி அவர் முதலில் எழுதியது இது: "இருளில் ஒளியாய் வந்த என் பேராசிரியர் இல்லையேல் இந்த ஆய்வே இல்லை." இந்த வசனம் உலகின் எந்தப் பேராசிரியருக்கும் பொருந்தும், அதனால் எவரையும் குறிக்காது. போதாததற்கு, அப்படியானால் இது யாருடைய ஆய்வு என்ற கேள்வியையும் பரீட்சகரின் மனத்தில் எழுப்பிவிடும். திருத்திய வசனம் இப்படி அமையலாம்: "கடனை வறுமையின் அளவுகோலாக மட்டும் பார்த்த எனது முதல் வரைவை அவர் ஏற்கவில்லை. மூன்றாம் அத்தியாயம் அந்த உரையாடல்களிலிருந்து பிறந்தது." புகழ்ச்சொல் ஒன்றுகூட இல்லை. ஆயினும் வாசிக்கும் பேராசிரியர் தன்னை அடையாளம் காண்பார்.

மேற்பார்வையாளரோடு உறவு கசந்திருந்தால்? பெயரை விட்டுவிடுவது மௌனமல்ல. துறையிலுள்ள எல்லோருக்கும் கேட்கும் சத்தம் அது. உண்மையில் நடந்ததை மட்டும், "வரைவுகளை வாசித்துக் கருத்துரைத்தமைக்கு" என்று எழுதினால் போதும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் 1999இல் ஒரு முதுமாணி மாணவர், குழு அங்கீகரித்த பின்னர் தனது ஆய்வேட்டில் நன்றியின்மைப் பகுதியொன்றைச் சேர்த்து அதிகாரிகளை வசைபாடினார். பல்கலைக்கழகம் ஏட்டை ஏற்க மறுத்தது, பட்டம் தாமதமாயிற்று. 'பிரவுண் எதிர் லீ' என்ற அந்த வழக்கில் 2002இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கம் நிற்கவில்லை. நன்றியுரை தனிப்பட்ட கடிதமல்ல, ஏட்டின் ஒரு பகுதியே.

பரீட்சகருக்கு நன்றி சொல்வதற்கும் நேரமுண்டு. வாய்மொழிப் பரீட்சைக்கு முன்னர் கையளிக்கும் பிரதியில் அது முகத்துதியாகத் தோன்றும்; திருத்திய இறுதிப் பிரதியில் ஒரு வசனம் சேர்க்கலாம்.

நிதி தந்தோரிடம் உணர்ச்சியே வேண்டாம். "இவ்வாய்வு இன்ன சபையின் நிதியுதவியுடன் மேற்கொள்ளப்பட்டது" என்று முழுப்பெயரோடும் மானிய இலக்கத்தோடும் எழுதவேண்டும். சபை தனது ஒப்பந்தத்தில் வாசகத்தைத் தந்திருந்தால் அதனை ஓர் எழுத்தும் மாற்றாமல் இடவேண்டும். களப்பயணத்துக்குக் கிடைத்த சிறுதொகையையும் மறைக்கலாகாது. யார் பணத்தில் இந்த முடிவுகள் வந்தன என்பதை அறிய வாசகருக்கு உரிமையுண்டு.

நமக்கு உண்மையான ஆபத்து அடுத்த பந்தியில் இருக்கிறது. அந்த மாணவி ஏடு முழுவதும் தகவல் தந்தோருக்குப் புனைபெயர் இட்டிருந்தார். ஆனால் நன்றியுரையில், தங்க இடம் தந்த ஆசிரியர் ஒருவரின் உண்மைப் பெயரையும் கிராமத்தையும் நெகிழ்ந்து எழுதிவிட்டார். சிறிய ஊர். அந்த ஆசிரியரின் வீட்டுக்கு வந்துபோனவர் யார் என்று தெரிந்தவருக்கு, ஐந்தாம் அத்தியாயத்துப் புனைபெயர்களை அவிழ்ப்பது கடினமல்ல. பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் இறுதிப் பிரதி இணையக் களஞ்சியத்துக்குச் செல்கிறது; அதனை யாரும் எங்கிருந்தும் வாசிக்கலாம். "பெயர் குறிப்பிட முடியாத, என்னை நம்பிப் பேசிய குடும்பங்களுக்கு" என்பதே இங்கு மரியாதை. ஒருவர் எந்த வழியால் நாட்டைவிட்டு வந்தார், அவருடைய வதிவிட அனுமதி என்னவாயிற்று என்பவையும் இதே காரணத்தால் நன்றியுரைக்குள் வரக்கூடாது.

குடும்பத்தைப் பற்றி எழுதும்போது தியாகம் என்ற சொல்லைத் தவிர்த்து, வேலையைச் சொல்லலாம். தட்டச்சு செய்து தந்த மனைவிக்குப் பெயரே குறிப்பிடாமல் நன்றி சொன்ன ஆண் அறிஞர்களின் வரிகள் 2017இல் திரட்டப்பட்டுப் பலராலும் பேசப்பட்டன. ஒலிநாடாக்களிலிருந்து நேர்காணல்களை எழுத்தாக்கியவர் கணவராயினும் மனைவியாயினும் அது ஆய்வுழைப்பு, பெயரோடு பதியப்படவேண்டும்.

அந்த மாணவி தமையனுக்கு எழுதிய இரண்டு பக்கங்கள் கடைசியில் ஒரு வசனமாகச் சுருங்கின: "நான் எழுதிக்கொண்டிருந்த ஐந்து வருடமும் அண்ணா இரவு வேலைக்குப் போனார்."