‘அப்படி எதுவும் நினைக்கலையே?’

மனநலப் பிரிவில் இரவு மாத்திரை கொடுக்கும் நேரம். நர்ஸ் கட்டிலருகே நின்று கேட்கிறார்: “தப்பா எதுவும் நினைக்கலையே?” படுத்திருப்பவர் சொல்கிறார்: “இல்ல சிஸ்டர்.” கேஸ் ஷீட்டில் ‘தற்கொலை எண்ணம் இல்லை’ என்று ஒரு வரி ஏறுகிறது.

அந்த ‘இல்லை’யை நம்ப முடியாது. கேள்வியின் கடைசியில் வரும் ‘லையே’, எந்தப் பதில் வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ‘தப்பா’ என்ற சொல்லோ அவர்மேல் தீர்ப்பையும் எழுதிவிடுகிறது. பிரிட்டனில் ரோஸ் மெக்கேபும் அவருடைய குழுவினரும் மனநல ஆலோசனைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில் இதையே கண்டார்கள். தற்கொலை பற்றிய கேள்விகளில் பெரும்பாலானவை எதிர்மறையாகவே கேட்கப்பட்டன. அப்படிக் கேட்கும்போது நோயாளிகள் ‘இல்லை’ என்று சொல்வது கூடியது.

ஏன் இப்படிக் கேட்கிறோம்? நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம்தான். நியூயார்க் மாநிலத்தில் 2000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. கேள்வி கேட்கப்பட்டவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிட மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை.

ஒரு கற்பனைச் சூழலில் இதைப் பார்ப்போம். நெசவுத் தொழிலாளி, வயது 46. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று மனைவியோடு வந்திருக்கிறார். நர்ஸ் முதலில் மனைவியைச் சற்று வெளியே இருக்கச் சொல்கிறார். பக்கத்தில் ஆள் இருந்தால் இந்தப் பேச்சு நகராது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.

“அண்ணா, கடன் இவ்வளவு நெருக்கும்போது, உயிரோட இருந்து என்னன்னு சிலருக்குத் தோணும். உங்களுக்குத் தோணியிருக்கா?”

அவர் தலையைக் குனிகிறார். “தோணும்மா.”

“தற்கொலை பண்ணிக்கணும்னு நினைச்சிருக்கீங்களா?”

இங்கே அந்தச் சொல்லையே சொல்வது அவசியம். சுற்றி வளைத்தால், நர்ஸுக்கே இதைக் கேட்கக் கூச்சம் என்று அவருக்குப் புரிந்துவிடும். கேட்டபின் காத்திருக்க வேண்டும். மௌனம் நீண்டாலும் அடுத்த கேள்வியால் அதை நிரப்பக் கூடாது.

‘ஆமாம்’ என்று வந்தால் கேள்விகள் படிப்படியாக இறங்குகின்றன. எப்படி என்று யோசித்ததுண்டா? அதற்கான பொருள் வீட்டில் இருக்கிறதா? எப்போது என்று முடிவு செய்தாரா? இதற்கு முன் முயன்றதுண்டா? இதுவரை அவரைத் தடுத்து நிறுத்தியது எது? செத்தால் தேவலை என்ற அலுப்பும், நாள் குறித்து ஏற்பாடு செய்திருப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது நிலையில் இருப்பவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

“யார்கிட்டயும் சொல்லாதீங்க சிஸ்டர். போலீஸ் கேஸ் ஆயிடும்” என்று அவர் கெஞ்சலாம். ரகசியமாக வைப்பேன் என்று நர்ஸ் வாக்குக் கொடுக்கக் கூடாது. “உங்களைக் காப்பாத்தத் தேவையானவங்ககிட்ட மட்டும் சொல்வேன், யார்கிட்டன்னு உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்” என்பதே நேர்மையான பதில். தற்கொலைக்கு முயல்பவர் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகக் கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்று 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு சொல்கிறது. அதையும் எடுத்துச் சொல்லலாம்.

கேள்விகளுக்கு மதிப்பெண் போட்டு ‘ஆபத்து குறைவு’ என்று முத்திரை குத்தும் படிவங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. யார் இறப்பார் என்று கணிக்க அவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பும் 2022-ல் வழிகாட்டியது. காலையில் ‘குறைவு’ என்று இருந்தவர், மாலையில் ஒரு போன் வந்ததும் மாறிவிடலாம்.

அதனால் கேள்வியின் பலன் ஒரு திட்டமாக மாற வேண்டும். நெசவாளர் தன் வாயாலேயே சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதுகிறார்: எண்ணம் நெருங்குவதன் அறிகுறி என்ன, அப்போது என்ன செய்தால் மனம் திரும்பும், யாரோடு பேசுவார், எந்த எண்ணுக்கு அழைப்பார். டெலி மானஸ் 14416; சென்னை சினேகா 044-24640050. வீட்டிலிருக்கும் அந்தப் பொருளை அன்றே அப்புறப்படுத்த, அவர் சம்மதத்தோடு மனைவியை உள்ளே அழைக்கிறார்கள்.

அதன் பிறகும் தொடர்பு அறுந்துவிடக் கூடாது. சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நகரங்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2008-ல் வெளியானது. ஒரு பகுதியினரிடம் ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

ஷிப்ட் முடிகிறது. இந்த முறை கேஸ் ஷீட்டில் ‘எண்ணம் இல்லை’ என்ற வரி கிடையாது. “ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சா அந்த நினைப்பு வருது. சின்ன மக முகம் ஞாபகம் வந்து நிறுத்திடுது” என்று அவர் சொன்னது அப்படியே இருக்கிறது. இரவு ட்யூட்டிக்கு வருபவர் அதைப் படித்துவிட்டு, இரண்டு மணிக்கு அந்தக் கட்டில் பக்கம் போவார்.