12 சதவீதம், உண்மையில் எவ்வளவு?

கடைக்கு ரூ.1,20,000 கடன், ஓராண்டுத் தவணை, 12 சதவீத ‘ஃபிளாட்’ வட்டி என்கிறார்கள். வட்டி ரூ.14,400, மாதத் தவணை ரூ.11,200. கணக்கு எளிமையாகத்தான் தெரிகிறது. ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. கடைசி மாதம் உங்கள் கையில் இருப்பது சுமார் ரூ.11,000 கடன்தான். வட்டியோ முழு ரூ.1,20,000-க்கும் போடப்பட்டது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

குறையும் நிலுவையில் இதே 12 சதவீதம் என்றால் மொத்த வட்டி ஏறக்குறைய ரூ.7,940தான். திருப்பிப் பார்த்தால், அந்த ரூ.11,200 தவணை குறையும் நிலுவையில் 21.5 சதவீத வட்டிக்குச் சமம். செயலாக்கக் கட்டணம் ரூ.2,400-ஐப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால் 25 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

2024 அக்டோபர் முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சிறு தொழில்களுக்குத் தரும் தவணைக் கடன்களில் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் செலவு விகிதத்தை முக்கிய விவர அறிக்கையில் காட்ட வேண்டும். கையெழுத்துக்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.